மனம் கனக்கிறது என்று எழுதினால் நான் எதை எடுப்பது?

கடலூரில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வீடியோ எடுப்பதுதான் என் பிழைப்பு. நடுநடுவே யாராவது குறும்படம் எடுக்கிறேன் என்று வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். அதில் பெரிதாகக் காசு வராது, ஆனால் ஆசை விடாது. ஸ்கிரிப்டைக் கையில் வாங்கினால் கதை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் எனக்கு வேறொரு கேள்வி வந்துவிடும். இந்த வாக்கியத்துக்குக் கேமராவை எங்கே வைப்பது, எதைப் பார்த்து வைப்பது? பதில் கிடைக்காத வாக்கியத்தின் கீழே பென்சிலால் ஒரு கோடு. போன வருடம் ஒரு டீச்சர் கொடுத்த ஸ்கிரிப்டில் முதல் பக்கம் முழுக்கக் கோடாகிவிட்டது.

டீச்சர் பள்ளியில் தமிழ் எடுப்பவர், சிறுகதையும் எழுதுவார். கதை நன்றாகவே இருந்தது. முதுநகர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். கருவாடு விற்கும் அம்மா. முதல் தடவை கடலுக்குப் போகும் மகன். பன்னிரண்டு நிமிடப் படம். முதல் சீன் இப்படித் தொடங்கியது:

> கணவனை ஏழு வருடங்களுக்கு முன் கடலில் பறிகொடுத்த தனம், விடியற்காலையில் எழுந்து, சோறு வடித்து, தூக்கில் கட்டி, மகன் குமார் இன்னும் தூங்குகிறானா என்று பார்த்துவிட்டு, இன்று அவன் முதன்முதலாகக் கடலுக்குப் போகப் போகிறான் என்ற நினைப்பில் மனம் கனக்க நிற்கிறாள். அவனைத் தடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் கடன் நினைவுக்கு வர, வாய் வரவில்லை. காற்றில் உப்பு வாசனை.

படிக்க நன்றாக இருக்கிறது, அதுதான் சிக்கல். படிப்பவருக்கு எல்லாமே கிடைத்துவிடுகிறது. திரையில் பார்ப்பவருக்கோ ஒரு பெண் சோறு கட்டிவிட்டு நிற்பது மட்டும்தான் கிடைக்கும். ஏழு வருடம், கடல், முதல் தடவை, கடன் எல்லாம் காகிதத்திலேயே தங்கிவிடும்.

முதலில் 'பறிகொடுத்த தனம்'. தமிழில் ஒரு ஆளின் மொத்த வரலாற்றையும் பெயருக்கு முன்னால் ஒரே எச்சத்தில் கட்டிவிடலாம். 'பத்தாவதில் தோற்ற குமார்', 'ஊரை விட்டு ஓடிப்போன அண்ணன்', 'யாரையும் நம்பாத கிழவர்'. பெயரை ஒட்டி வருவதால் அது ஒரு செய்தி என்பதே கண்ணில் படாது. ஆளின் அடையாளம் போலத் தெரியும். அதனால் ஸ்கிரிப்டைத் திருத்த உட்கார்ந்தால் முதலில் பெயர்களைத் தேடுவேன். பெயருக்கு முன்னால் நிற்கும் சொல், அந்த நொடியில் கேமரா முன்னால் தெரிகிறதா? 'கிழிந்த சட்டை போட்ட குமார்' இருக்கட்டும். 'பத்தாவதில் தோற்ற குமார்' போகட்டும், அல்லது வேறு இடத்தில் வேறு வழியில் வரட்டும்.

டீச்சரிடம் இதைச் சொன்னதும் உடனே சுவரில் மாலை போட்ட படம் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டார். இது கண்ணுக்குத் தெரிகிறதுதான், விதியை மீறவில்லை. ஆனால் நான் எடுத்த குறும்படங்களில் பாதிக்கு மேல் ஒரு மாலை போட்ட படம் உண்டு. பார்ப்பவர்கள் 'சரி, செத்துட்டார்' என்று குறித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தோம். தனத்தின் கையில் தூக்கு இருக்கிறது. நம் வீடுகளில் சீர் வந்த பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்குமே, அதுபோல அந்த எவர்சில்வர் தூக்கில் 'கோ. ஏழுமலை' என்று இருந்தால்? முதல் சீனில் அது ஒரு பெயர் மட்டும். அப்பா இறந்த விஷயத்தை அங்கே சொல்லவே வேண்டாம். படகில் ஏறியதும் ஒரு பெரியவர் அந்தத் தூக்கை வாங்கிப் பெயரைப் பார்க்கிறார், குமாரைப் பார்க்கிறார், "உங்கப்பன் குந்துன எடம் இது. குந்து" என்கிறார். அப்பா மீனவர், இப்போது இல்லை, பையனுக்கு இது முதல் தடவை. மூன்றும் அந்த ஒரே வசனத்தில் வந்துவிட்டன.

"அப்ப ஏழு வருஷம்?" என்றார் டீச்சர்.

"ஏழுன்னு தெரியலன்னா படத்துல என்ன கெட்டுப்போகும் டீச்சர்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே அடித்தார். தெரியாத செய்தி எல்லாவற்றையும் தெரிகிற செய்தியாக மாற்றிக்கொண்டே போக வேண்டியதில்லை. பாதிக்கு மேல் மாற்றாமலே தூக்கிவிடலாம். உப்பு வாசனையும் அப்படித்தான் போனது. வாசனையைக் கேமராவும் பிடிக்காது, மைக்கும் பிடிக்காது. சத்தம் அப்படி இல்லை, அதைத் தாராளமாக எழுதலாம். கேமரா பார்ப்பது என்று நான் சொல்லும்போது மைக் கேட்பதையும் சேர்த்துத்தான்.

அடுத்தது அந்த நீள வாக்கியம். எழுந்து, வடித்து, கட்டி, பார்த்துவிட்டு, நிற்கிறாள். இதில் ஒவ்வொரு 'து'வுக்கும் எனக்குத் தனி ஷாட் வேண்டும். வாக்கியம் ஒன்றுதான் என்பதால் எழுதியவர் மனதில் அது ஒரே அசைவாக ஓடுகிறது. ஸ்பாட்டுக்குப் போனால் அடுப்பு ஒரு மூலை, பாய் ஒரு மூலை, இரண்டு இடத்துக்கும் லைட் மாற்ற வேண்டும். எச்சங்களை முற்றாக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். 'சோறு வடிக்கிறாள்.' நிறுத்து. 'தூக்கில் போடுகிறாள்.' நிறுத்து. அப்படி நிறுத்தியதும் எது தேவை, எது சும்மா வந்தது என்று தானாகத் தெரியும். அவள் எழுந்திருப்பதைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை; அடுப்படியில் அவளைக் காட்டினால் எழுந்துவிட்டாள் என்று அர்த்தம்.

இப்போது முக்கியமான இடம்: மனம் கனக்க, தடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது, கடன் நினைவுக்கு வருகிறது.

இதைத் திருத்தச் சொன்னால் எல்லோரும் முதலில் எழுதுவது பெருமூச்சு. இல்லாவிட்டால் கண் கலங்கும், அல்லது 'எங்கோ வெறித்துப் பார்க்கிறாள்'. இவை எல்லாம் கேமராவுக்குத் தெரிபவைதான். ஆனாலும் எதற்கான பெருமூச்சு என்று தெரியாது. கடனுக்கும் அதே பெருமூச்சு, மகனுக்கும் அதே பெருமூச்சு, முதுகு வலிக்கும் அதேதான். வெறித்துப் பார்ப்பதை எடுத்து எடுத்து எனக்கு அலுத்துவிட்டது. நடிப்பவர்கள் எந்தப் பக்கம் வெறிக்க வேண்டும் என்று வேறு கேட்பார்கள்.

டீச்சரிடம் நான் கேட்டது இதுதான்: அவனைப் போகவிடக் கூடாது என்று அவளுக்கு இருக்கிறது, வாய் திறக்க மாட்டாள், சரி. அந்த நிமிஷத்தில் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது? பாய், தலையணை, சார்ஜில் போட்ட செல்போன். செல்போன் என்றதும் டீச்சரே சொல்லிவிட்டார்: "அலாரம். அதை நிறுத்திடுவா." அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. மகனை எழுப்ப வேண்டிய அலாரத்தை அம்மா நிறுத்துகிறாள். அவனைத் தடுக்க நினைக்கிறாள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த முகமும் காட்டாது. பிறகு அவளே குனிந்து அவனை எழுப்புகிறாள். நடுவில் ஏன் மனம் மாறினாள் என்பதற்குத்தான் கடன் வேண்டும். அதற்கு வாரக் கடன் அட்டை, நாள்காட்டிக்குப் பின்னால் செருகியது.

திருத்திய சீன்:

> உள். தனம் வீடு. இரவு.
>
> தனம் (45) குண்டானிலிருந்து சோற்றை அள்ளி எவர்சில்வர் தூக்கில் போடுகிறாள்.
>
> தூக்கின் மேல் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர்: கோ. ஏழுமலை.
>
> பாயில் குமார் (19) தூங்குகிறான். தலைமாட்டில் செல்போன். அலாரம் அடிக்கிறது. மணி 4:30.
>
> தனம் வந்து அலாரத்தை நிறுத்துகிறாள். குமார் புரண்டு படுக்கிறான்.
>
> தனம் அங்கேயே நிற்கிறாள்.
>
> வெளியே பைக் வந்து நிற்கும் சத்தம். ஆண் குரல்: "குமாரு!"
>
> தனம் வாசல் பக்கம் திரும்புகிறாள். சுவரில் நாள்காட்டி. பின்னால் செருகிய அட்டை பாதி வெளியே தெரிகிறது. மேலே கட்டம் கட்டமாகக் கையெழுத்து. கீழ்க் கட்டங்கள் காலி.
>
> தனம் குனிந்து குமாரின் காலைத் தட்டுகிறாள்.
>
> தனம்: நேரமாச்சி. ஏந்திரி.
>
> குமார்: ம்மா… இன்னும் அலாரம் அடிக்கலியே?

பழையது எட்டு வரிப் பத்தி, புதியது ஏறக்குறைய ஒரு பக்கம். 'இறுக்கச் சொல்லிவிட்டு நீட்டிவிட்டாயே' என்று டீச்சர் சிரித்தார். இறுக்குவது என்றால் தாளில் இடத்தைக் குறைப்பது என்று நான் நினைப்பதில்லை. ஆங்கில ஸ்கிரிப்டில் கூரியர் எழுத்தில் 12 பாயிண்டில் அடித்தால் ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடம் என்று ஒரு கணக்கு உண்டு. தமிழில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு இடைவெளி. அந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. செல்போனில் ஸ்டாப்வாட்ச்சைப் போட்டுவிட்டு, வரி வரியாக நடித்துப் பார்ப்பதுதான் என் வழி. பழைய பத்தியை வைத்து அந்த சீன் எவ்வளவு நேரம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது, மனம் எவ்வளவு நேரம் கனக்கும் என்று யாருக்குத் தெரியும்? புதியதை நடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும்.

இதில் க்ளோசப், டாப் ஆங்கிள் என்று ஒரு சொல்கூட இல்லை என்பதையும் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிவதை எழுது என்றதும் சிலர் 'கேமரா மெல்ல நகர்ந்து தூக்கின் பெயரைக் காட்டுகிறது' என்று என் வேலையையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். தேவையில்லை. வெட்டிய பெயரைத் தனி வரியில் போட்டாலே நான் கிட்டே போய்த்தான் ஆக வேண்டும். எழுத்தை வேறெப்படிப் படிக்க முடியும்? அலாரம் அடிக்கும்போது செல்போன் வெளிச்சம் தனத்தின் தாடைக்குக் கீழே விழுந்தது. அது ஸ்கிரிப்டில் இல்லை. இடம் விட்டு எழுதியதால் எனக்குக் கிடைத்தது.

'தனம் அங்கேயே நிற்கிறாள்' என்ற வரியில் முகத்தைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்று டீச்சருக்குக் கடைசிவரை சந்தேகம். ரஷ்யாவில் குலஷோவ் என்ற இயக்குநர் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் அந்த நடிகர் பசியையும் துக்கத்தையும் தனித்தனியாக நடித்ததாகச் சொன்னார்களாம். ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முந்தைய கதை. இங்கேயும் அலாரத்துக்கும் அட்டைக்கும் நடுவில் அவள் சும்மா நின்றால் போதும். ஆனால் ஒன்று, முன்னாலும் பின்னாலும் வரும் பொருட்கள் சரியாக இருக்க வேண்டும். அட்டை இல்லாமல் அவள் சும்மா நின்றால் சும்மா நிற்பது மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதே இல்லை: பெயரும் உறவும்கூடக் கேமராவுக்குத் தெரியாது. ஸ்கிரிப்டில் 'மகன் குமார்' என்று எழுதியிருப்பதால் படிப்பவருக்குக் குழப்பம் இல்லை. திரையில் ஒரு பெண்ணும் ஓர் இளைஞனும், அவ்வளவுதான். அக்கா தம்பியாகவும் இருக்கலாம். பழைய ஸ்கிரிப்டில் படம் முடியும் வரை குமாரின் பெயரை யாருமே சொல்லவில்லை. அதனால்தான் வாசலில் ஒரு குரல், பிறகு அந்த 'ம்மா'. வயது மட்டும் அடைப்புக்குறிக்குள் இருக்கலாம். அது நடிப்பவரைத் தேடுகிறவருக்கு.

மூன்றாவது சீன் கரையில். தேவனாம்பட்டினத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஃபைபர் படகைத் தள்ளிவிடும் இடம். அதற்கும் தலைப்பில் 'விடியற்காலை' என்றுதான் டீச்சர் எழுதியிருந்தார். வீட்டுக்குள் நடக்கும் முதல் சீனும் விடியற்காலை, கரையும் விடியற்காலை. நாலரை மணி இருட்டும் ஐந்தேமுக்கால் வெளுப்பும் பேச்சில் ஒரே சொல்தான், எனக்கு இரண்டும் வேறு வேறு நாள். இருட்டில் கடலுக்கு லைட் போட நம்மிடம் வசதி கிடையாது. அதனால் வீடு 'இரவு', கரை 'விடியல்' என்று பிரித்தோம். விடியல் என்று எழுதினால் அதற்கும் விலை உண்டு. நம் ஊரில் சூரியன் வருவதற்கு முன்னால் உள்ள அந்த நீல வெளிச்சம் 20 நிமிடம் சொச்சம்தான் நிற்கும். அதற்குள் நான்கைந்து ஷாட் எடுத்தால் பெரிய விஷயம். டீச்சரின் பத்தி இது:

> ஊரே திரண்டு படகைத் தள்ள, குமார் பயத்தை மறைத்துக்கொண்டு ஏறி, அம்மா வரவில்லையே என்ற ஏக்கத்தோடு கரையைத் திரும்பிப் பார்த்து அமர்கிறான்.

'ஊரே' என்றால் எத்தனை பேர்? இந்த ஒரு சொல்லுக்கு ஐம்பது பேருக்கு டீ வாங்க வேண்டும். ஆறு பேர் என்று எழுதினோம், படகைத் தள்ள ஆறு பேர் போதும்.

'பயத்தை மறைத்துக்கொண்டு' என்பதில் இரண்டு தடங்கல். மறைத்த பயம் எப்படித் தெரியும் என்பது ஒன்று. அதைவிடப் பெரியது திசை. நம் கரையில் சூரியன் கடலில் எழும். படகில் உட்கார்ந்து கரையைத் திரும்பிப் பார்க்கிறவனுக்கு வெளிச்சம் முதுகுப்பக்கம். முகம் கறுப்பு. அந்த முகத்தில் பயம், ஏக்கம், எது இருந்தாலும் ஒன்றும் பதியாது. லொகேஷனைப் போய்ப் பார்க்காமல் எழுதினால் இப்படித்தான், கண்ணுக்குத் தெரியும் என்று நினைத்த வரியும் தெரியாமல் போய்விடும். நிழலுருவத்தில் தெரிவது உடம்பு மட்டும்தான். மற்றவர்கள் படகின் ஆட்டத்துக்கு ஏற்றபடி கையை விட்டு நிற்கிறார்கள். குமார் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்திருக்கிறான். இது கறுப்பாகவே இருந்தாலும் புரியும்.

'அம்மா வரவில்லையே' இன்னும் கஷ்டம். நடக்காததைப் படம் எடுக்க முடியாது. 'அவள் பதில் சொல்லவில்லை', 'அவன் சாப்பிடவில்லை', 'யாரும் கவனிக்கவில்லை' என்று எதிர்மறையில் முடியும் வரி எதைப் பார்த்தாலும் நின்று யோசிப்பேன். பார்ப்பவருக்கு முன்கூட்டியே ஓர் எதிர்பார்ப்பு இருந்தால்தான் இல்லாதது தெரியும். சாப்பிடவில்லை என்றால் தட்டில் இட்லி அப்படியே இருக்கிறது, சாம்பார் காய்ந்து ஓரத்தில் ஏடு கட்டியிருக்கிறது என்று எழுதலாம். அம்மா வராதது தெரிய வேண்டுமானால் வேறு அம்மா ஒருத்தி கரையில் இருக்க வேண்டும். ஆகவே:

> வெளி. கடற்கரை. விடியல்.
>
> ஆறு பேர் ஃபைபர் படகைத் தள்ளுகிறார்கள். படகு அலையில் ஏறுகிறது.
>
> கரையில் ஒரு பெண் இடுப்பளவு தண்ணீர் வரை வந்து, படகில் இருக்கும் பையனிடம் தூக்கைக் கொடுக்கிறாள்.
>
> குமார் தன் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு கரையைப் பார்க்கிறான். அந்தப் பெண் மட்டும் நிற்கிறாள்.
>
> எஞ்சின் சத்தம். குமார் இரண்டு கையாலும் பலகையைப் பிடிக்கிறான்.

இதற்குப் பின் பெரியவர் தூக்கை வாங்கிப் பெயரைப் பார்ப்பது வருகிறது. அதை வெயில் ஏறிய பிறகு, படகை நங்கூரம் போட்டு நிறுத்தி எடுத்தோம். முகம் தெரிய வேண்டுமே.

நான் போட்ட கோடு எல்லாவற்றையும் டீச்சர் ஏற்றுக்கொள்ளவில்லை. பெரியவரை அறிமுகப்படுத்தும் இடத்தில் 'கடலைத் தவிர எதற்கும் பயப்படாதவர்' என்று ஒரு வரி. கேமராவுக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த வேஷத்துக்கு வந்தவர் அதைப் படித்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார், நடையையே கொஞ்சம் மாற்றிக்கொண்டார். அறிமுக வரியில் ஒன்றிரண்டு இப்படி இருந்தால் நானும் சண்டை போடுவதில்லை. படம் புரிவதற்கு அந்த வரியை நம்பியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வெட்டிய மற்ற வரிகளை டீச்சர் தூக்கிப் போடவில்லை. தனி ஒரு தாளில் எழுதி, தனமாக நடித்த அம்மாவிடம் மட்டும் கொடுத்தார். ஏழு வருடம், புயலுக்கு முந்தைய நாள் கணவர் கிளம்பியது, கடன் எதற்காக வாங்கியது, இன்னும் எத்தனை தவணை பாக்கி, எல்லாம் அதில் இருந்தது. லைட் பார்க்கும் பையனுக்கோ, தூக்கில் பெயர் வெட்டிக்கொண்டு வரவேண்டிய ஆர்ட் ஆளுக்கோ அந்தத் தாள் தேவையில்லை. அவர்கள் கையில் இருந்த ஸ்கிரிப்டில் என்ன பொருள், எந்த நேரம், எத்தனை பேர் என்பது மட்டும் இருந்தது. ஷூட்டிங் அன்று அந்த அம்மா என்னிடம் வந்து, அட்டையில் காலிக் கட்டம் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு, தாளில் உள்ள தவணைக் கணக்கோடு ஒத்துவரவில்லை என்றார். கடைசி வரிசையில் இரண்டு கையெழுத்தை அழித்து எடுக்க வேண்டியதாயிற்று.